ஒரே தவறு, வேறு வேறு தூரம்

மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், சரியான விடையான 25-க்குப் பதிலாக 35 என்று எழுதும் பிள்ளைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். சிவப்பு மையில் தவறு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவது எளிது. ஆனால் அந்த 35-க்கு வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. ஒரு பிள்ளை, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கும்: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. இன்னொரு பிள்ளை பத்தைக் கடன் வாங்கி, பன்னிரண்டில் ஏழு போக ஐந்து என்று சரியாகவே கழித்திருக்கும். கடன் கொடுத்த ஐந்தை நான்காகக் குறைக்க மட்டும் மறந்திருக்கும். முதல் பிள்ளைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளை அநேகமாகக் கரை சேர்ந்துவிட்டது. நோட்டில் இருப்பதோ ஒரே 35.

இது எண்களின் கோளாறு. கீழ் இலக்கம் மேல் இலக்கத்தைவிடச் சரியாக ஐந்து கூடுதலாக இருக்கும்போதெல்லாம் இரண்டு தவறுகளும் ஒரே விடையைத் தரும். 27-க்குப் பதிலாக 28 என்று கொடுத்தால் போதும், இரண்டும் பிரிந்துவிடும். பெரியதில் சிறியதைக் கழித்த பிள்ளை 36 என்று எழுதும், குறைக்க மறந்த பிள்ளை 34 என்று எழுதும். சரியான விடை 24. புதுக்கோட்டைக்குக் கிழக்கே, திருவரங்குளம் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு மாணவ ஆசிரியை, 'இனமாற்றம் செய்து கழித்தல்' என்ற பாடத்துக்குத் திட்டம் எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை இப்படிப்பட்ட எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான். பாடப்பொருள், கற்றல் விளைவு, துணைக்கருவி என்று படிவத்தை நிரப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

நல்ல எண்ணைக் கொடுத்து, வகுப்பில் இரண்டு பிள்ளைகள் 36 என்று எழுதிவிட்டார்கள். கவின், தாரணி என்று அவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இப்போது தவறும் ஒன்று, தவறுக்கான காரணமும் ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே பாடம் எடுத்தால் போதுமா?

இந்தக் கேள்வியைத்தான் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930-களின் தொடக்கத்தில் கேட்டார். பிள்ளைகளின் மனவயதை அளக்கும் சோதனைகள் அப்போது பரவலாக இருந்தன. பிள்ளை யார் உதவியும் இல்லாமல் எந்த வயதுக்குரிய கணக்கைப் போடுகிறதோ அதுவே அதன் மனவயது. உதவி செய்தால் சோதனை கெட்டுப்போகும் என்பது விதி. வைகாட்ஸ்கி அந்த விதியைத் திருப்பிப் போட்டார். மனவயது எட்டு என்று அளக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு, அவர்களால் தனியாகப் போட முடியாத கணக்குகளைக் கொடுத்து, முதல் படியைக் காட்டுவது, வழிநடத்தும் ஒரு கேள்வி கேட்பது போன்ற சிறு உதவிகளைச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரிய கணக்குவரை போகிறது, மற்றது ஒன்பதோடு நின்றுவிடுகிறது. தனியே செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் இடையில் ஒன்றுக்கு நான்கு ஆண்டு, மற்றதற்கு ஓர் ஆண்டு. இந்த இடைவெளியைத்தான் அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். 1934-இல், 37 வயதில், காசநோயால் அவர் இறந்துபோனார். இந்தக் கருத்தை அவர் எழுதியது கடைசி ஓரிரு ஆண்டுகளில்தான். அதனால்தான் அதில் கோட்பாடு இருக்கிற அளவுக்குச் செய்முறை இல்லை. என்ன உதவி, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை அவர் விட்டுச் செல்லவில்லை.

கல்வியியல் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த மண்டலத்தைப் பெரும்பாலும் 'பிள்ளையால் செய்ய முடிந்ததைவிடக் கொஞ்சம் கடினமான பகுதி' என்று மனப்பாடம் செய்கிறார்கள். பாதி உண்மை. கடினம் என்பது கணக்கைப் பற்றிய செய்தி. மண்டலம் என்பது ஒரு பிள்ளையும், அதற்குக் கிடைக்கும் ஒரு குறிப்பிட்ட உதவியும் சேர்ந்த ஒன்று. உதவியைச் சொல்லாமல் மண்டலத்தைச் சொல்ல முடியாது. 52-28 என்ற கணக்கு கவினுக்கும் தாரணிக்கும் ஒரே அளவு கடினம்தான், இருவரும் ஒரே இடத்தில்தான் தவறினார்கள். எந்த உதவியில் யார் நிமிர்கிறார்கள் என்று பார்க்காதவரை அவர்களுக்கிடையே இருக்கும் வித்தியாசம் தெரியாது.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் இந்தப் பிரச்சினையின் இரு பாதிகளையும் தனித்தனியே கையாண்டிருக்கின்றன. ஆந்திரத்தின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் பரவியது செயல்வழிக் கற்றல். பாயில் உட்கார்ந்து, ஏணிப்படியில் தன் அட்டை எது என்று தானே பார்த்து எடுத்துக்கொண்ட பிள்ளைகளை இன்றைய மாணவ ஆசிரியர்கள் பலருக்கு நினைவிருக்கும், அவர்களில் சிலர் அப்படிப் படித்தவர்கள். அந்த வகுப்பில் குழுக்கள் பிரிந்த விதம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆசிரியரின் முழு உதவி பெறும் குழு, பகுதி உதவி பெறும் குழு, சக மாணவரின் முழு உதவி பெறும் குழு, பகுதி உதவி பெறும் குழு, தானாகச் செய்யும் குழு. எந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்பதை வைத்துப் பிரிக்கவில்லை. உதவியின் அளவை வைத்துப் பிரித்தார்கள். புதிய கருத்து ஆசிரியரிடம் தொடங்கி, படிப்படியாகத் தோழர்களிடம் நகர்ந்து, கடைசியில் பிள்ளையிடமே வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. உதவி குறைந்துகொண்டே போக வேண்டும் என்ற எண்ணம் ஒரு மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்க வகுப்பறைகளிலும் இருக்கை அமைப்பாகவே இருந்தது சாதாரண விஷயம் அல்ல.

அதில் ஒரு குறையும் இருந்தது. எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்தது அட்டை. அறிமுக அட்டை என்றால் ஆசிரியர் பக்கம், பயிற்சி அட்டை என்றால் தோழர் பக்கம். அட்டை மாறினால் உதவி குறையும், பிள்ளை தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும். கவினுக்கு அறிமுக அட்டையிலேயே உதவி தேவையில்லாமல் போயிருக்கலாம். தாரணிக்குப் பயிற்சி அட்டையிலும் ஆசிரியர் தேவைப்பட்டிருக்கலாம். அட்டைக்கு அது தெரியாது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் மறுபாதியைப் பிடித்துக்கொண்டது. அடிப்படை மதிப்பீட்டை வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி நூல் தருவது அதன் முறை. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு முதல் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாமல் இருப்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அரும்பு, மொட்டு என்பதெல்லாம் பிள்ளை இன்று தனியாக என்ன செய்கிறது என்பதற்கான பெயர், வைகாட்ஸ்கி சொன்ன இரண்டு அளவுகளில் முதலாவது. கவினும் தாரணியும் இருவருமே மொட்டு. அந்தப் பெயர் அவர்களைப் பற்றி இதற்கு மேல் எதுவும் சொல்லாது. இரண்டாவது அளவை எடுக்க வேண்டியவர் பாடம் நடத்துகிறவர்தான். அதை அவர் பாடம் நடத்திக்கொண்டேதான் எடுக்க முடியும்.

அதற்கான செய்முறை வைகாட்ஸ்கியிடமிருந்து வரவில்லை, இங்கிலாந்தின் டேவிட் வுட்டிடமிருந்து வந்தது. வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில்தான் 'சாரம் அமைத்தல்' என்ற பெயர் வருகிறது. மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேரிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்து, பிரமிடு கட்டச் சொல்லி, உதவி செய்யும் ஆசிரியை என்ன செய்கிறார் என்று பதிவு செய்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் வாயால் சொன்னது எடுபடவில்லை, செய்து காட்டி ஆர்வத்தை இழுக்க வேண்டியிருந்தது. நான்கு வயதில் வாய்ச்சொல்லால் திருத்த முடிந்தது. ஐந்து வயதுக்குத் தான் செய்தது சரிதானா என்று உறுதி செய்ய ஓர் ஆள் இருந்தால் போதுமாக இருந்தது. ஒரே வேலை, ஒரே ஆசிரியை, ஆனால் மூன்று விதமான ஆசிரியப் பணி.

வுட் தன் சகாக்களோடு செய்த வேறு ஆய்வுகளில் இன்னும் துல்லியமான ஒரு விதி கிடைத்தது. உதவியை ஐந்து படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பொதுவான தூண்டல், குறிப்பான சொல், பொருளைச் சுட்டிக்காட்டுவது, பொருளை ஆயத்தமாக எடுத்து வைப்பது, முழுதாகச் செய்து காட்டுவது. பிள்ளை தவறினால் அடுத்த உதவி ஒரு படி கூடட்டும். பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த உதவி ஒரு படி குறையட்டும். அவ்வளவுதான் விதி. இப்படிக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகள், எல்லாவற்றையும் செய்து காட்டியோ, எல்லாவற்றையும் வாயால் சொல்லியோ கற்பிக்கப்பட்டவர்களைவிடத் தனியாக நன்றாகச் செய்தார்கள் என்று 1978-இல் வெளியான அவர்களது ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. சொல்லும்போது எளிதாகத் தெரிகிற இந்த விதியைக் கடைப்பிடிப்பது மிகக் கடினம். பிள்ளைக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வது நம் ஆசிரிய இயல்புக்கே விரோதமானது.

திருவரங்குளத்து மாணவ ஆசிரியை தன் பாடத்திட்டத்தில் எழுத வேண்டியது இந்த ஐந்து படிகளைத்தான், 52-28-க்கு உரிய சொற்களோடு. முதல் படி: "36 மிஞ்சுதா? 28-ஐயும் 36-ஐயும் கூட்டிப் பாரு, 52 வருதான்னு." இரண்டாவது: "ஒன்றுகள் இடத்துல எத்தனை இருக்கு? அதுலேருந்து எட்டை எடுக்க முடியுமா?" மூன்றாவது: ஐந்து பத்துக் கட்டுகளும் இரண்டு ஒற்றைக் குச்சிகளும் மேசையில் இருக்கின்றன, ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டைத் தொட்டுக் காட்டுகிறார். நான்காவது: ரப்பர் வளையத்தை அவரே கழற்றி, பத்துக் குச்சிகளையும் அந்த இரண்டோடு சேர்த்து வைக்கிறார், மீதி பிள்ளையின் வேலை. ஐந்தாவது: 43-17 என்ற வேறு கணக்கை முழுதும் செய்து காட்டுகிறார், பிறகு பிள்ளை 52-28-க்குத் திரும்புகிறது. செய்து காட்டுவது வேறு கணக்காக இருக்க வேண்டும். அதே கணக்கைச் செய்து காட்டினால் பிள்ளை விடையைத்தான் நினைவில் வைக்கும்.

இதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாமல், வகுப்பில் நின்றபடி யோசித்துச் செய்வது அனுபவமுள்ளவர்களுக்கே கஷ்டம். பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கும் அந்த மூன்று விநாடியில் நம் நாக்கில் முதலில் வருவது அநேகமாக ஐந்தாம் படிதான்.

கவினிடம் முதல் படியைச் சொன்னதும் 28-ஐயும் 36-ஐயும் கூட்டி 64 என்கிறான், முகம் மாறுகிறது. "கூட வருது டீச்சர்." அதற்கு மேல் போக முடியவில்லை. இரண்டாம் படிக் கேள்வி கேட்டதும், "ரெண்டுல எட்டு போகாது... பத்து வாங்கணும்" என்று தானே சொல்லி, ஐந்தை அடித்து நான்காக்கி, 24 என்று எழுதுகிறான். வந்துவிட்டது, ஆகவே அடுத்த கணக்கில் ஒரு படி குறைவு. 61-34. பழக்கத்தில் 33 என்று எழுதிவிடுகிறான், ஆனால் "கூட்டிப் பாரு" என்ற முதல் படி போதுமானதாக இருக்கிறது, 27-க்குத் தானே வருகிறான். மூன்றாவதாக 70-46. ஒன்றுகள் இடத்தில் சுழி. கவின் 36 எழுதி, கூட்டிப் பார்த்து, மறுபடி திகைக்கிறான். இரண்டாம் படி மீண்டும் தேவைப்படுகிறது. இது பின்னடைவு அல்ல. சுழியிலிருந்து எடுப்பது அவனுக்குப் புது வேலை. உதவி ஒரு முறை குறைந்துவிட்டால் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, கணக்கின் முகம் மாறினால் உதவியும் கொஞ்சம் ஏறி இறங்கும்.

தாரணியிடம் முதல் படி வேலை செய்யவில்லை. செய்யாத விதம்தான் சுவையானது. 28-ஐயும் 36-ஐயும் கூட்டச் சொன்னால் அவள் 54 என்கிறாள். எட்டும் ஆறும் பதினான்கு, நான்கை எழுதி, பத்தை விட்டுவிட்டாள். 54 என்பது 52-க்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கழித்தலில் எது வரவில்லையோ அதுவேதான் கூட்டலிலும் வரவில்லை: பத்து ஒன்றுகளும் ஒரு பத்தும் ஒன்றுதான் என்பது. சரிபார்க்கக் கொடுத்த கருவியே உடைந்திருக்கும்போது அந்த உதவி அவளுக்கு உதவியே அல்ல. இரண்டாம் படியில், "எட்டுல ரெண்டு போனா ஆறு டீச்சர்" என்று உறுதியாகச் சொல்கிறாள். மூன்றாம் படியில் கட்டைத் தொட்டுக் காட்டினால் கட்டையும் ஆசிரியையின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். நான்காம் படியில், கட்டு அவிழ்ந்து பன்னிரண்டு குச்சிகள் கிடக்கும்போது, எட்டை எண்ணி எடுத்து, மீதி நான்கு, இரண்டு கட்டு, 24 என்கிறாள்.

இங்கே நிறுத்திவிட்டு, தாரணிக்கும் வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும் ஆசை வரும். அவளுடைய நோட்டில் இன்னும் 36 இருக்கிறது. "குச்சியில 24, நோட்டுல 36. எதும்மா சரி?" என்று கேட்டால், "ரெண்டும்" என்று பதில் வரலாம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. கழித்தல் தவறுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லாரன் ரெஸ்னிக் 1980-களின் தொடக்கத்தில் இதைத்தான் விவரித்தார். கட்டைகளை வைத்துச் சரியாகக் கழிக்கும் பிள்ளை, அதே கணக்கை எழுதும்போது பழைய தவறையே செய்யும். கட்டை ஒரு விளையாட்டு, எழுதுவது வேறொரு விளையாட்டு, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. ரெஸ்னிக் பரிந்துரைத்த வழி, கட்டையில் ஒவ்வொரு செயலும் நடந்த உடனே அதை எழுத்தில் பதியச் செய்வது. குச்சிக் கட்டைக் கொடுத்து விளையாட விட்டாலே இடமதிப்பு புரிந்துவிடும் என்ற நம்பிக்கை நம் பயிற்சிகளில் அதிகம். குச்சிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு பாலம் தேவை, தாரணிக்குச் சாரம் கட்ட வேண்டிய இடம் அதுதான்.

கட்டும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குச்சிகளை வைத்துக்கொண்டு 28-ஐ எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் பத்துக் கட்டுகளை முதலில் எடுப்பார்கள், இருபத்தெட்டு என்று வாயில் வருவதே இருபதில்தானே தொடங்குகிறது. நோட்டிலோ ஒன்றுகளிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். இரண்டு வரிசையும் எதிரெதிராக இருந்தால் எந்தச் செயலுக்கு எந்தக் கோடு என்று பிள்ளைக்குப் பொருத்த முடியாது. ஆகவே தாரணியிடம், "முதல்ல எட்டை எடு" என்று கேட்க வேண்டும். எடுக்க முடியவில்லை, கட்டை அவிழ்க்கிறாள். அவிழ்த்த கையோடு குச்சியைக் கீழே வைத்துவிட்டு, நோட்டில் ஐந்தை அடித்து நான்கு எழுதுகிறாள். பத்துக் குச்சியை இரண்டோடு சேர்க்கிறாள், இரண்டின் பக்கத்தில் ஒன்றைப் போட்டுப் பன்னிரண்டாக்குகிறாள். எட்டை எடுக்கிறாள், நான்கு எழுதுகிறாள். கை ஒரு வேலை செய்தால் பென்சில் ஒரு வேலை செய்யும். இரண்டு மூன்று கணக்கு இப்படிப் போன பிறகுதான், "இந்த நாலு எங்கேருந்து வந்தது?" என்று அடித்துத் திருத்திய எண்ணைக் காட்டிக் கேட்கலாம். "ஒரு கட்டைப் பிரிச்சோமே" என்று பதில் வந்தால் பாலம் நிற்கிறது. "கடன் வாங்கினா ஒண்ணு குறைக்கணும்" என்று வந்தால் இன்னும் இல்லை. அது விதி மட்டும்.

இனி, கட்டிய சாரத்தை எடுத்துவிடுவது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டக் கற்றார்கள். பின்னாலிருந்து கேரியரைப் பிடித்தபடி ஓடும் கைக்கு, வண்டி எப்போது தானாக நிற்கிறது என்று தெரியும். கொஞ்சம் தளர்த்தும், ஆடினால் இறுக்கும், ஆடாவிட்டால் இன்னும் தளர்த்தும். எத்தனை கெஜம் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் முடிவு செய்து வைப்பதில்லை. செயல்வழிக் கற்றலின் அட்டைக்கு இல்லாமல் போனது இந்தக் கைதான்.

தாரணிக்குக் குச்சியை எடுத்துவிடுவது ஒரே நாளில் நடக்காது, நடக்கவும் கூடாது. முதலில் குச்சி மேசையில் இருக்கும், ஒரு துண்டால் மூடியிருக்கும். "உள்ளே அஞ்சு கட்டு, ரெண்டு குச்சி. எட்டு எடுக்கணும். என்ன செய்வே?" அவள் மனத்துக்குள் கட்டை அவிழ்த்து, நோட்டில் எழுதுகிறாள். சந்தேகம் வந்தால் துண்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு குச்சிக்குப் பதில் படம்: கட்டுக்கு ஒரு நீளக் கோடு, ஒற்றைக்கு ஒரு புள்ளி. பிறகு அதுவும் இல்லை. சீக்கிரம் எடுத்துவிட்டோம் என்பதற்கு அடையாளம், பழைய 36 வகை விடைகள் திரும்புவது. தாமதமாக எடுக்கிறோம் என்பதற்கும் அடையாளங்கள் உண்டு, அவற்றை நாம் கவனிப்பது குறைவு. 58-23 போன்ற, இனமாற்றமே தேவையில்லாத கணக்குக்கும் பிள்ளை குச்சியைத் தேடும். அல்லது ஒவ்வொரு இலக்கத்தை எழுதும் முன்பும் நிமிர்ந்து ஆசிரியையின் முகத்தைப் பார்க்கும். அப்போது குச்சிக்குப் பதிலாக ஆசிரியையின் முகமே துணைக்கருவியாகிவிட்டது என்று பொருள்.

நம் வகுப்பறைகளில் சாரம் என்ற பெயரில் அதிகம் நடப்பது இன்னொன்று. "ரெண்டுல எட்டு போகுமா? போகா..." "...து!" "அப்போ என்ன செய்யணும்? கடன் வாங்..." "...கணும்!" முழு வகுப்பும் கடைசி அசையைச் சேர்ந்து சொல்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வகுப்பு உயிரோடு இருப்பதாகத் தோன்றும், கற்பித்தல் பயிற்சியை மதிப்பிட வருகிறவருக்கும்தான். ஆனால் இதில் சிந்தனை வேலை எல்லாவற்றையும் ஆசிரியையே செய்துவிட்டார். பிள்ளைகள் செய்தது ஒரு சொல்லை முடித்தது மட்டும். கேள்வி கேட்பதுபோல் தெரிகிற இது உண்மையில் ஐந்தாம் படி. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த கணக்கைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கரும்பலகைக்கு முன்னால் நின்று பாருங்கள். வகுப்பு உங்கள் முதல் பாதிச் சொல்லுக்காகக் காத்திருந்தால், உதவி குறையவே இல்லை.

வுட்டின் ஆய்வுகள் ஓர் ஆசிரியை, ஒரு பிள்ளை, சில மரக்கட்டைகள் என்ற ஏற்பாட்டில் நடந்தவை. மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு இருபது பிள்ளைகளைப் பார்க்கிறவர் இதைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்வார், அதில் நியாயம் இருக்கிறது. ஒரு பாடவேளையில் ஐந்து படி விதியை முழுதாகப் பின்பற்றிப் பார்க்கக்கூடிய பிள்ளைகள் மூன்று பேர் இருந்தால் அதிகம். ஆனால் வகுப்பில் எல்லோருக்கும் ஒவ்வொரு நாளும் அது தேவையில்லை. 52-28 என்ற ஒரே கணக்கைத் தாளில் எழுதி வாங்கினால், 24, 34, 36 என்று மூன்று குவியலாகப் பிரிந்துவிடும். 34 எழுதியவர்களிடம் "அஞ்சு எங்கே போச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலானோர் தாங்களே திருத்திவிடுவார்கள். 36 குவியலோடுதான் உட்கார வேண்டும். முதல் நாள் அவர்களில் மூன்று பேர், மறுநாள் வேறு மூன்று பேர்.

சக மாணவர் உதவியைப் பற்றி ஒரு வார்த்தை. வைகாட்ஸ்கி பெரியவர்களோடு, கூடுதல் திறமையுள்ள தோழர்களையும் சேர்த்துச் சொன்னார். அதை வைத்து வகுப்பின் முதல் மாணவியைத் தாரணியின் பக்கத்தில் உட்கார வைப்பது வழக்கம். அவள் 24 என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அவளுக்கு இனமாற்றம் எப்போதோ தானாக நடக்கும் வேலையாகிவிட்டது, எங்கே தடுக்கும் என்றே அவளுக்கு நினைவிருக்காது. என் கணிப்பில், நேற்று 34 எழுதி இன்று திருத்திக்கொண்ட பிள்ளை நல்ல துணை. அவனுக்கும் குச்சி தேவைப்பட்டால் இருவரும் சேர்ந்து அவிழ்க்கட்டும். துணைப் பிள்ளைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தால் போதும்: பென்சில் தாரணியின் கையில்தான் இருக்க வேண்டும்.

பாடம் முடிந்ததும் மாணவ ஆசிரியை தன் குறிப்பேட்டில் விடை சரியா தவறா என்று எழுதுவதைவிட, எந்தப் படி உதவியில் விடை வந்தது என்று எழுதுவது பயனுள்ளது. கவின்: 52-28, இரண்டு, 61-34, ஒன்று, 70-46, இரண்டு. தாரணி: 52-28, நான்கு, நோட்டில் பதியவில்லை, அடுத்த இரண்டும் நான்கு, நோட்டோடு சேர்த்து. மதிப்பெண் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே எண் விழுந்திருக்கும். இந்தக் குறிப்பேட்டிலிருந்து மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று நேரடியாகப் படித்துவிடலாம். கவினுக்கு 80-53, 90-67 என்று சுழியில் முடியும் கணக்குகள் இரண்டு, வாய் திறக்காமல். தாரணிக்கு 43-17, கட்டுகள் மேசையில், ரப்பர் வளையம் கழற்றாமல். அவளே கையை நீட்டிக் கட்டை எடுக்கிறாளா என்று முதலில் பார்க்க வேண்டும். எடுக்காவிட்டால் ஒரு கட்டைத் தொட்டுக் காட்டி, பொறுத்திருக்க வேண்டும்.